பாளையம் என்று எழுதிய அட்டை

எழுத்தில் நான் தப்பு விடமாட்டேன் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை எனக்கு வாங்கிக் கொடுத்ததில் பாதி வேலை நானே பார்த்ததுதான். உத்தமபாளையத்தில் ஒரு இ-சேவை மையத்தில் எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வருமானச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், குடும்ப அட்டையில் பேர் சேர்த்தல், நீக்கல். பிறந்த தேதியில் ஒரு நாள் பிசகினாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். அதனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், "ஆதார்ல ஒண்ணு இருக்கு, டிசில ஒண்ணு இருக்கு, எது நெசம்?" என்று கேட்டுவிடுவேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் கேட்பேன். அப்படிப்பட்ட நான் ஒரு கார் டிரைவருக்கு அனுப்பிய பத்து வரிச் செய்தியில் தப்பு விட்டேன் என்பதை இன்றுவரை மையத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

செய்தி என் மச்சானை அழைத்து வருவதற்காக. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். மச்சான் துபாயில் ஒரு குளிர்சாதன நிறுவனத்தில் மெக்கானிக். கல்யாணமான மூன்றாம் மாதம் போனவர், இரண்டு வருடம் கழித்து நாற்பது நாள் விடுப்பில் வந்தார், திரும்பப் போனார். போன பிறகுதான் நான் உண்டாகியிருப்பது தெரிந்தது. மகளுக்கு இப்போது இரண்டே கால் வயது. அத்தாவை, அதாவது அப்பாவை, அவள் போனில் மட்டுமே பார்த்திருக்கிறாள்.

போனில் பார்ப்பதற்கென்று அவளிடம் சில சட்டதிட்டங்கள் உண்டு. அத்தா முகம் திரையில் வந்ததும், கையில் என்ன இருக்கிறதோ அதைத் தூக்கிக் காட்டவேண்டும். வளையல், பிஸ்கட், பாட்டில் மூடி, ஒருநாள் செத்த பல்லி. அவர் "ஐ, யாரு வாங்கிக் குடுத்தா?" என்று கேட்கவேண்டும். பல்லிக்கும் அப்படித்தான் கேட்டார். எல்லாம் காட்டி முடிந்ததும் அந்தச் சிவப்புப் பொத்தானை அவள்தான் அமுக்குவாள். நான் அமுக்கினால் வீடு ரெண்டாகிவிடும். அவள் அமுக்குவாள், அத்தா மறைந்துவிடுவார், அவள் விளையாடப் போய்விடுவாள். நான் அந்தக் கறுப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன தடவை விடுப்பில் வந்தபோது நடந்ததைச் சொன்னால்தான் இந்தத் தடவை நான் ஏன் இவ்வளவு பாடுபட்டேன் என்பது விளங்கும். அன்றைக்கு ஒரு வேனில் பதினொரு பேர் கிளம்பினோம். ஆண்டிபட்டி தாண்டி டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. மச்சானின் பழைய சிம் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப் போயிருந்தது. விமான நிலையத்து வைஃபையில் நுழையலாம் என்றால், உள்ளூர் எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கேட்டதாம். சிம் இருந்தால் அவர் ஏன் வைஃபை தேடுகிறார்? இரண்டு மணி நேரம் கழித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, வெளியே வரும் வாசலுக்கு வலது பக்கம், கம்பித் தடுப்பு முடிகிற இடத்தில், தன் அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். கோபம் கூட இல்லை அந்த முகத்தில். பள்ளிக்கூடம் விட்டும் அழைத்துப்போக ஆள் வராத பிள்ளை முகம். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க, "அப்பிடியே இருங்க மச்சான்" என்று சொல்லி ஒரு போட்டோ எடுத்தேன்.

அதனால் இந்தத் தடவை நான் எனக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். அவர் அந்த வாசலைத் தாண்டும்போது நானும் மகளும் அங்கே நிற்கவேண்டும். ஒரு நிமிடம்கூட அவர் தனியாக நிற்கக் கூடாது.

மச்சானோ வேறு மாதிரி சொன்னார். "வெயிலுக்குள்ள புள்ளையத் தூக்கிட்டு அலையாத. ஒரு காரு மட்டும் அனுப்பி விடு, நான் வந்துர்றேன். வேனு வேணவே வேணாம்." வேன் பயம் அவருக்கு நன்றாகப் பிடித்திருந்தது. நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன, திரையில் எல்லாம் ஆட்டலாம். சொல்லாமல் போய் நிற்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

டிரைவர் அண்ணன் சின்னமனூர்க்காரர். சொந்தமாக ஒரே ஒரு வெள்ளைக் கார். வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் பாதிக்கு மேல் அவரைத்தான் கூப்பிடும். மதுரை விமான நிலையம், கொச்சி விமான நிலையம், இரண்டுக்கும் போவார். அதிகம் பேசமாட்டார். அவரிடம் விஷயம் கசிந்தால் மச்சானிடம் போய்விடும் என்ற பயத்தில், நானும் மகளும் வருகிறோம் என்பதை அவரிடம்கூட முதலில் சொல்லவில்லை.

முதல் நாள் மதியம், மையத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில், செய்தியை எழுத உட்கார்ந்தேன். முதலில் இடம். வாட்சப்பில் இடத்தை அனுப்பத் தெரியாமல் ஊரே படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்துகொண்டு "இப்போது இருக்கும் இடம்" என்பதை அமுக்கி, மண்டபத்துக்கு வரவேண்டியவர்களை வீட்டு வாசலுக்கு வரவழைத்தவர்கள் உண்டு. லைவ் லொக்கேஷன் அனுப்பிவிட்டு பஸ் ஏறியவர்களும் உண்டு. அது அவர்களோடு பஸ்ஸில் போய்க்கொண்டே இருக்கும். நான் அந்த ரகம் இல்லை. எனக்கு வேண்டியது வரைபடத்தில் குத்திவைத்த, நகராத ஒரு குறி, ஒரு பின். அதற்கு நான் ஒரு வேலை செய்தேன். போன தடவை எடுத்தேனே, பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் போட்டோ, அதைத் திறந்து விவரம் பார்த்தேன். எடுத்த இடம் அதில் இருந்தது. வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் தொட்டு, மேலிருந்து எடுத்த படத்தில் வாசலையும் தடுப்பையும் சரிபார்த்து, அங்கே விரலை ஊன்றி ஒரு பின் குத்தினேன். அவர் காத்துக் கிடந்த அதே இடம். அங்கேயே அவரை வரவேற்கவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

பிறகு எழுதினேன்:

"அண்ணே, வணக்கம். நாளை மாலை 6.40க்கு விமானம் மதுரையில் இறங்கும். வருபவர் ஒருவர். பெட்டி இரண்டு, கைப்பை ஒன்று. கீழே உள்ள பின், வெளியே வரும் வாசலுக்கு வலது பக்கம், கம்பித் தடுப்பு முடியும் இடம். வாசலில் வண்டியை நிறுத்த விடமாட்டார்கள். அதனால் வண்டியை பார்க்கிங்கில் போட்டுவிட்டு, நீங்கள் மட்டும் அட்டையுடன் பின் குத்திய இடத்தில் நிற்கவும். அட்டையில் பேர் வேண்டாம், பாளையம் என்று எழுதினால் போதும். அவரிடம் இந்திய சிம் இல்லை. நீங்கள் அவரைக் கூப்பிடவும் முடியாது, அவர் உங்களைக் கூப்பிடவும் முடியாது. எவ்வளவு நேரம் ஆனாலும் இந்த இடத்தை விட்டு நகர வேண்டாம். அவரும் நேராக இந்த இடத்துக்கே வருவார்."

அதே பின்னை மச்சானுக்கும் அனுப்பினேன். அங்கே அறையில் வைஃபை இருக்கும்போதே திறந்து, மதுரை வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். இங்கே வந்து நெட் இல்லாவிட்டாலும், தான் நிற்கும் நீலப் புள்ளியும் போகவேண்டிய பின்னும் அதில் தெரியும். போனில் பேசிக்கொள்ள முடியாத இரண்டு பேர் ஒரே இடத்தில் சந்திக்க இதைவிட என்ன வேண்டும்? செய்தியை மூன்று தரம் படித்தேன். ஒற்றுப்பிழை கூட இல்லை. அனுப்பிவிட்டு டீ சொன்னேன்.

டிரைவர் அண்ணனிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான். ஒரு விண்ணப்பம் போல எழுதியவளுக்கு ஒற்றைக் கட்டைவிரல். அதோடு ஒரு குரல் செய்தி: "தங்கச்சி, பிளைட்டு நம்பரு அனுப்புங்க."

எனக்குச் சுர்ரென்றது. நேரம் சொல்லியாச்சு, இடம் சொல்லியாச்சு, பெட்டி எத்தனை என்றுகூடச் சொல்லியாச்சு. இதற்குமேல் நம்பர் எதற்கு, இவர் என்ன விமானத்தையா ஓட்டப் போகிறார்? பதில் போடவில்லை.

மறுநாள் மையத்துக்கு விடுப்பு. காலையிலிருந்து வீடு ஒரே மணம். மாமி, அதாவது என் மாமியார், அடுப்படியை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மகனுக்குப் பிடித்த கறிக்குழம்பு அவர்கள் பொறுப்பு. என் பொறுப்பு மகளை மினுக்குவது. மஞ்சள் கவுன், புதுச் செருப்பு. நடந்தால் கீச் கீச் என்று சத்தம் போடும் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்து, மாமியின் தலைவலியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கு மச்சானிடமிருந்து செய்தி வந்தது. "ஏறிட்டேன். கதவு மூடப் போறாக." எனக்கு ஒரே சந்தோஷம். வாடகை முன்பணம் வாங்கிக்கொள்ள மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வரும்படி டிரைவர் அண்ணனிடம் சொல்லியிருந்தேன், வந்ததும் நாங்களும் ஏறிக்கொள்வது என்பது என் திட்டம். நிதானமாகக் குளிக்கலாம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டேன்.

தலையில் எண்ணெயோடு நிற்கும்போது, ஒன்றே முக்காலுக்கு, டிரைவர் அண்ணன் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நேத்தே நம்பர் கேட்டேன். அனுப்பலையே நீங்க."

"நேரந்தான் போட்டிருக்கேனே அண்ணே. ஆறு நாப்பது."

"இருக்கட்டும் ஆத்தா. டிக்கெட்ட ஒரு போட்டா அனுப்பிருங்க. நான் நம்பரு பாக்காம வண்டி எடுக்கிறதில்ல."

முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட்டை அனுப்பினேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, மறுபடி அழைப்பு.

"தங்கச்சி, இதுல அஞ்சு பத்துக்கு எறங்குதுன்னுல்ல போட்டிருக்கு?"

"அது துபாய் நேரம் அண்ணே. நம்ம நேரத்துக்கு ஒன்றரை மணி கூட்டினா ஆறு நாப்பது." சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல்தான் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "ஏறுற எடத்துல அந்த ஊரு நேரம், எறங்குற எடத்துல எறங்குற ஊரு நேரம். டிக்கெட்டுல அப்படித்தான் ஆத்தா போடுவாக. அஞ்சு பத்துன்னா நம்ம மதுர அஞ்சு பத்து."

நான் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். பதினொன்று நாற்பதுக்குப் புறப்பாடு. அது இங்கே ஒன்று பத்து. நாலு மணி நேரப் பயணம். ஒன்று பத்தும் நாலும் ஐந்து பத்து. விரல் விட்டு எண்ணினேன். இன்னொரு தடவை எண்ணினேன். தலையிலிருந்து எண்ணெய் நெற்றிக்கு வழிந்தது.

ஐந்து வருடமாக நான் இரண்டு கடிகாரத்தில் வாழ்ந்தவள். அங்கே மணி என்ன என்று பார்த்தால் ஒன்றரை கூட்டிக்கொள்வது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. அவர் எட்டுக்குச் சாப்பிட்டேன் என்றால் எனக்கு ஒன்பதரை. பத்துக்குத் தூங்கப் போகிறேன் என்றால் பதினொன்றரை. அவரிடமிருந்து வரும் எந்த நேரத்தோடும் கை தானாக ஒன்றரையைச் சேர்த்துவிடும். அவர் ஊருக்கு வந்து இறங்கும் நேரத்தோடும் சேர்த்துவிட்டது.

"பதறாதீக," என்றார் அண்ணன். "துபாயி, சவூதின்னு ஆளு இருக்கிற வீடுகள்ல பாதிப் பேரு இப்பிடித்தான் கூட்டிச் சொல்லுவாக. அதுக்குத்தான் நம்பரு கேக்குறது. நான் சின்னமனூர்லதான் நிக்கேன், இப்படியே நேரா மதுரைக்கு விட்டுர்றேன். ஒத்த ஆளுதான, அஞ்சு மணிக்கெல்லாம் பின்னுல நிப்பேன்."

நியாயமான யோசனை. சின்னமனூர் மதுரைக்குப் போகும் வழியில் இருக்கிறது, எங்கள் ஊர் அதற்கு எதிர்ப்பக்கம். என்னை ஏற்ற வந்தால் அவருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வீண். மச்சான் தனியாக நிற்கக் கூடாது என்றால் அவரை நேராகப் போகச் சொல்லவேண்டும். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. கீச் கீச் என்று செருப்புச் சத்தம் என் காலடியில் வந்து நின்றது.

"அண்ணே, நானும் பாப்பாவும் வாரதா இருந்தோம்."

"மெசேஜில ஒருத்தருன்னு போட்டிருந்துச்சு?"

"அது திரும்பி வாரப்ப எத்தன பேருன்னு... இல்லண்ணே, பொய்தான் போட்டேன். அவுக புள்ளைய இன்னும் நேர்ல பாக்கல. வெளிய வாரப்ப நாங்க நிக்கணும்னு ஆச." காலடியில் நின்ற மகளைத் தூக்கிக்கொண்டேன். "நீங்க நேரா போயிருங்க. அவுக தனியா நிக்கக் கூடாது."

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"எறங்குனவொடனே வெளிய வந்துர முடியாது தங்கச்சி. இமிகிரேசன் இருக்கு, பெட்டி வரணும், கஸ்டம்ஸ் இருக்கு. முக்கா மணி நேரமாவது ஆகும். கணக்குப் பண்ணி ஓட்டுனா ரெண்டையும் பாத்துரலாம். வாசல்ல நில்லுங்க. தலைய மட்டும் பின்னிக்கங்க."

தலையைப் பின்னியதோடு சரி, குளிக்கவில்லை. மூன்று வருடம் கழித்து வரும் கணவனை எண்ணெய்த் தலையோடு வரவேற்கப் போன பெண் இந்தத் தாலுகாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாமி என் கையில் ஒரு டப்பாவில் வட்டலப்பத்தைத் திணித்து, "வண்டியில ஏறுனதும் குடு, பசியா இருப்பான்" என்றார்கள். இரண்டே காலுக்குக் கார் வந்தது, இரண்டரைக்கெல்லாம் ஊரைத் தாண்டியிருந்தோம்.

அண்ணன் தன் போனை முன்னால் மாட்டியிருந்தார். அதில் வழி காட்டும் வரைபடம் ஓடவில்லை. கடல் மேல் ஒரு சின்ன மஞ்சள் விமானம் ஓடிக்கொண்டிருந்தது. நம்பரைப் போட்டால் விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் செயலி. "இந்தா பாருங்க, இங்கனதான் வந்துட்டிருக்காக." அந்த நம்பரைத்தான் நான் வேண்டாத கேள்வி என்று நினைத்திருந்தேன். மஞ்சள் பொம்மைக்குள் என் மச்சான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்ததும் கோபம், வெட்கம் எல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. மகளிடம், "அத்தா இதுலதான் வாராக" என்றேன். அவள் உடனே விரலை நீட்டி அமுக்கப் போனாள். அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆத்தா, பிளைட்ட நிறுத்திப்புடாத."

தேனி வரை நன்றாகப் போனோம். ஆண்டிபட்டிக் கணவாயில் வாழைத்தார் ஏற்றிய ஒரு லாரி எங்களுக்கு முன்னால், கல்யாணப் பெண் நடக்கிற மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. எதிரே வண்டிகள் விடாமல் வந்தன. அண்ணன் முந்த இடம் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். நான் லாரிக்காரரைத் திட்டிய திட்டுகளை இங்கே எழுதமுடியாது. கணவாய் இறங்கியதும் மகள் மஞ்சள் கவுன் மேல் வாந்தி எடுத்தாள். வண்டியை ஓரம் கட்டி, கழுவி, மாற்றுத் துணியைத் தேடினால் பையில் இருந்தது வீட்டில் போடும் ஒரு நைந்த சட்டைதான். புதுசாகப் போட்டதில் மிஞ்சியது செருப்பு மட்டும்.

உசிலம்பட்டி வரும்போது மணி நாலே முக்கால். அண்ணன் போனைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இந்தா பாருங்க" என்றார். மஞ்சள் விமானம் கேரளாவைத் தாண்டி மலை மேல் வந்திருந்தது. பக்கத்தில் கம்பம் என்று பெயர் தெரிந்தது. எங்கள் பள்ளத்தாக்குக்கு மேலேயே பறந்து வந்திருக்கிறார். அவரைப் பார்க்க நாங்கள் ஊரை விட்டு இவ்வளவு தூரம் ஓடிவந்திருக்க, அவர் கிட்டத்தட்ட வீட்டுக் கூரைக்கு மேலே. கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்தேன். வானத்தில் வெள்ளை மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இருந்தாலும் கை ஆட்டினேன். டீக்கடை வாசலில் நின்ற ஒருவர் எனக்குப் பதிலுக்குக் கை ஆட்டினார்.

செக்கானூரணியில் மதுரைக்குள் போகாமல் திருமங்கலம் பக்கம் திரும்பினோம். அப்போதே விமானம் இறங்கிவிட்டது. நாலு ஐம்பத்தெட்டு. சொன்ன நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் முன்னதாக. நான் ஒன்றரை மணி கூட்டினால் அது பன்னிரண்டு நிமிடம் குறைக்கிறது.

"முக்கா மணி," என்றார் அண்ணன், நான் கேட்காமலே. "முக்கா மணி ஆகும்."

அதற்குப் பிறகு நான் கடிகாரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இந்நேரம் வரிசையில் நிற்பார். இந்நேரம் முத்திரை குத்தியிருப்பார்கள். இந்நேரம் பெட்டி வந்திருக்கும். அவர் பெட்டி எப்போதும் கடைசியில்தான் வரும், அப்படியே வரவேண்டும் என்று வாழ்நாளில் முதல்முறையாக துஆ கேட்டேன். யா அல்லாஹ், பெட்டி மெதுவாக வரட்டும். கப்பலூர், ரிங் ரோடு, விமான நிலையத்துச் சாலை. ஐந்து நாற்பதுக்கு வாசலுக்கு முன் கார் நின்றது. உடனே ஒரு காவலர் விசிலை ஊதினார்.

"எறங்குங்க, எறங்குங்க. நான் பார்க்கிங்ல போடுறேன். இந்தாங்க." அண்ணன் இருக்கைக்குக் கீழிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். இனிப்புப் பெட்டியின் மூடியைப் பிரித்து, உள்பக்கம் பெரிய எழுத்தில் பாளையம் என்று மார்க்கரில் எழுதியிருந்தார். என் செய்தியை அவர் எழுத்து விடாமல் படித்திருக்கிறார். நான் அவர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் போடவில்லை.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலுக்கு வலது பக்கம். கம்பித் தடுப்பு. தடுப்பு முடியும் இடம். அங்கே யாரும் இல்லை.

வந்துவிட்டுப் போய்விட்டாரா, இன்னும் வரவில்லையா? அட்டையை மகள் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள், தலைகீழாகப் பிடித்தாள். நான் போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். என் நீலப் புள்ளி பின் மேலேயே நின்றது. இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். கண்ணாடிக் கதவு திறக்கும், யாரோ வருவார்கள், யாரோ ஓடிப் போய்க் கட்டிக்கொள்வார்கள். சிவகங்கைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மாலையோடு வந்திருந்தது. எண்ணெய்த் தலையை முந்தானையால் மூடிக்கொண்டேன். வெளியே வருகிறவர்கள் அடுத்த விமானத்தில் வந்தவர்களோ என்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்து எனக்கு நானே பயம் காட்டிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. வண்டியில் இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, நிமிர்ந்தே பார்க்காமல், கையில் இருந்த போனையே பார்த்தபடி ஒருவர் வந்தார். முன்னந்தலையில் முடி கொஞ்சம் போயிருந்தது. திரையில் எப்போதும் முகத்தை மட்டுமே பார்த்தவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. நாலு எட்டு நேராக வைத்தார். நின்றார். போனைக் கொஞ்சம் திருப்பினார். வலது பக்கம் திரும்பினார். நான் குத்திய பின்னைப் பார்த்து, சொன்ன பேச்சைத் தட்டாமல் வந்துகொண்டிருந்தார். டாக்சி வேண்டுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அவரைக் கூப்பிடவேண்டும் போலிருந்தது. வாயில் காற்றுதான் வந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

நாலடி தூரத்தில் அவருக்கு முதலில் தெரிந்தது தலைகீழான அட்டை. அதைப் பிடித்திருந்த கை ரொம்பச் சின்னதாக இருந்ததால் கண்ணை மேலே உயர்த்தினார்.

பயந்துகொண்டே மகளைப் பார்த்தேன். புது ஆள் யாரைப் பார்த்தாலும் என் தோளில் முகத்தைப் புதைத்து வீறிடுகிறவள் அவள். அவரை உற்றுப் பார்த்தாள். அட்டையைக் கீழே போட்டாள். குனிந்து, கஷ்டப்பட்டு, காலிலிருந்து ஒரு செருப்பைக் கழற்றினாள். அதை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

அவர் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"ஐ, யாரு வாங்கிக் குடுத்தா?"

மகள் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு செருப்பையும் கழற்றிக் காட்டினாள். அதற்கும் கேட்டார். காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை. அப்புறம் அவள் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். கையை நீட்டி, ஒற்றை விரலால், அவர் மோவாய்க்குக் கீழே, சட்டையின் முதல் பொத்தான் மேல் அமுக்கினாள்.

அவர் மறையவில்லை.

விரலை எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் பலமாக அமுக்கினாள். அவர் அங்கேயே இருந்தார், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். மூன்றாவது தடவை அமுக்கியபோது அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. டிரைவர் அண்ணன். "தங்கச்சி, ஆளு வந்தாச்சா? நான் பார்க்கிங் வாசல்லயே நிக்கேன். வண்டியக் கொண்டுவரவா?"

"வந்தாச்சுண்ணே," என்றேன். "கொஞ்சம் பொறுங்க. இன்னும் அஞ்சு நிமிசம் நாங்க இந்த எடத்த விட்டு நகர மாட்டோம்."